வால் ஏன் வெடிக்கிறது?

கணினி விளையாட்டில் ஓடிவரும் நரி சட்டென்று நின்றாலும் அதன் வால் ஒரு கணம் ஆடித்தான் அடங்கும். அந்த ஆட்டத்தை யாரும் கையால் வரைவதில்லை. வாலுக்குள் ஐந்தாறு எலும்புகளைச் சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் அதன் இயல்பான இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் இழுக்கும். இவற்றுக்குப் பெயர் ஜிகிள் போன். தலைப் பின்னலுக்கும் இதே ஏற்பாடுதான்.

சில கணினிகளில் அந்த வால் திடீரென்று ஈட்டியாக நீண்டு, திரையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடிக்கும். 'வெடித்துவிட்டது' என்பார்கள். கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, கணக்கிடும் இடைவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் நடக்கும் கணக்கு இவ்வளவுதான்:

```
v += (-k*x - c*v) * dt
x += v * dt
```

x என்பது விலகல், v வேகம், k ஸ்பிரிங்கின் விறைப்பு, c ஆட்டத்தை அடக்கும் டேம்பிங், dt ஒரு ஃபிரேமின் நேரம். k 900, c 40 என்று வைத்து, வாலை 1 செ.மீ. விலக்கி விடுவோம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் விலகல் 0.75, 0.48 என்று அழகாகக் குறையும். அதே எண்களோடு 20 ஃபிரேமில் ஓடினால் −1.25, 3.81, −9.83. இழுப்பு ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டிப் போய், இன்னும் பெரிய இழுப்பைக் கிளப்புகிறது. அரை விநாடியில் விலகல் 80 மீட்டரைத் தாண்டிவிடும்.

ஆட்டம் அதிகம் என்று நினைத்து டேம்பிங்கைக் கூட்டத்தான் கை போகும். அது எரிகிற தீயில் எண்ணெய். இந்தக் கணக்கு நிலைத்து நிற்க `k*dt*dt + 2*c*dt` எப்போதும் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 ஃபிரேமில் c 40 என்றால் 3.67, தப்பித்தது. c-ஐ 60 ஆக்கினால் 5, வெடித்தது. அடக்க வந்த விசையே ஒரே ஃபிரேமில் வேகத்தை எதிர்த்திசைக்குத் திருப்பிவிடுகிறது. ஃபிரேமுக்கு ஒரு தடவை வால் இடமும் வலமும் மாறி மாறிப் பாய்ந்தால், காரணம் இதுதான் என்று சந்தேகிக்கலாம்.

ஆகவே எண்களைத் தொடுமுன் இடைவெளியை நிலைப்படுத்த வேண்டும். திரை எந்த வேகத்தில் ஓடினாலும் ஸ்பிரிங் கணக்கு 1/60 விநாடித் துண்டுகளாகவே நடக்கட்டும். 20 ஃபிரேமில் அது ஃபிரேமுக்கு மூன்று துண்டு. கணினி ஒரு விநாடி திணறி நின்றால் 60 துண்டையும் ஓட்டக் கூடாது. நாலைந்தோடு நிறுத்தி மிச்சத்தைக் கைவிடுவதே சரி, இல்லாவிட்டால் திணறல் இன்னும் கூடும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் எலும்பின் நுனியை அதன் அசல் நீளத்துக்கு இழுத்து வைத்தால், வால் ஈட்டியாக நீளாது.

இன்னொரு வெடிப்பு கதாபாத்திரம் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவும்போது வரும். உடல் போய்விடும், எலும்புகளின் நினைவு பழைய இடத்திலேயே நிற்கும். தாவிய அதே ஃபிரேமில் எலும்புகளை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, வேகத்தைப் பூஜ்யமாக்க வேண்டும்.

உங்கள் கணினியில் 60 ஃபிரேமில் வால் நன்றாக ஆடுகிறது என்று நம்பிவிடாதீர்கள். 20-க்குப் பூட்டி ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.