பரவலான நோய்க்கு ஏற்ற கணக்கு எது?

ஒரு ஊரில் ஒரே காலத்தில் பலரைப் பரிசோதித்து, யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்பது குறுக்குவெட்டு ஆய்வு. இரு பிரிவினரை ஒப்பிட இதில் இரண்டு அளவுகள் உண்டு. ஒரு பிரிவில் நோயுள்ளோரின் சதவீதத்தை மற்றதன் சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பது பரவல் விகிதம். நோயுள்ளோரின் எண்ணிக்கையை நோயில்லாதோரின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஆட்ஸ். இரு பிரிவுகளின் ஆட்ஸை ஒப்பிட்டால் ஆட்ஸ் விகிதம்.

நோய் அரிதாக இருக்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு பிரிவில் 4 சதவீதம், மற்றதில் 2 சதவீதம் என்றால் பரவல் விகிதம் 2, ஆட்ஸ் விகிதம் 2.04. நோய் பரவலாக இருந்தால் இவை விலகிவிடும். இந்தியப் பெண்களின் இரத்தசோகை அப்படிப்பட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். பள்ளி செல்லாத 200 பெண்களில் 120 பேருக்கும், பள்ளி சென்ற 200 பெண்களில் 80 பேருக்கும் இரத்தசோகை. அதாவது 60 சதவீதமும் 40 சதவீதமும். பரவல் விகிதம் 1.5. ஆட்ஸோ முதல் பிரிவில் 120/80, அதாவது 1.5, இரண்டாவதில் 80/120, அதாவது 0.67. ஆட்ஸ் விகிதம் 2.25. கணக்கில் பிழையில்லை. ஆனால் ‘இரத்தசோகை 2.25 மடங்கு’ என்று எழுதினால் அது தவறு. 40 சதவீதத்தின் 2.25 மடங்கு 90 சதவீதம். உண்மையில் இருப்பது 60 சதவீதம்தான்.

இந்தக் குழப்பம் செய்தியாகவும் வெளிவந்திருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் 720 மருத்துவர்களிடம் நெஞ்சுவலி நோயாளிகளாக நடித்தவர்களின் காணொளிகளைக் காட்டி நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளையர்களில் 90.6 சதவீதத்தினருக்கும் கறுப்பினத்தவரில் 84.7 சதவீதத்தினருக்கும் இதயக் குழாய்ப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது. ஆட்ஸ் விகிதம் 0.6 என்று வந்ததால், கறுப்பினத்தவருக்கு வாய்ப்பு 40 சதவீதம் குறைவு என்று ஊடகங்கள் எழுதின. சதவீதங்களை நேராக ஒப்பிட்டால் குறைவு ஏறத்தாழ 7 சதவீதம்தான். பாகுபாடு இருந்தது, அதன் அளவுதான் பெரிதாகிப்போனது.

வயது, வருமானம் போன்றவற்றைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஆட்ஸ் விகிதத்தைத்தான் தரும். பரவல் விகிதத்தை நேரடியாகத் தருவது லாக்-பைனாமியல் முறை. ஆனால் சில தரவுகளில் அது விடையே தராமல் நின்றுவிடும். அப்போது பாய்சான் ரிக்ரெஷன் கைகொடுக்கும். இதில் ‘ரோபஸ்ட்’ எனப்படும் திருத்திய பிழைக் கணக்கைச் சேர்ப்பது அவசியம். சேர்க்காவிட்டால் நம்பக இடைவெளி தேவைக்கு மேல் அகன்றுவிடும்; உண்மையான வேறுபாடுகூட இல்லாததுபோலத் தோன்றலாம்.

ஆட்ஸ் விகிதத்துக்கும் இடமுண்டு. நோயாளிகளையும் நலமானவர்களையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து ஒப்பிடும் ஆய்வுகளில் பரவலை அளக்க முடியாது. அங்கே அதுவே உரிய அளவு. குறுக்குவெட்டு ஆய்வில் பரவல் கையிலேயே இருக்கிறது. ‘இத்தனை மடங்கு’ என்று படித்தால், இரு பிரிவுகளின் சதவீதங்களையும் தேடி ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.