தம்பி என்ன தப்பு பண்ணினான், சாமி?

ஒரு கதை. கிராமத்துச் சிவன் கோயிலில் சாயரட்சைக்கு முன் குருக்கள் புளி போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணெய்ப் பாட்டிலோடு வந்த ஒன்பது வயதுச் சிறுமி நேராகக் கேட்கிறாள்: "தம்பிக்கு மறுபடியும் வலிப்பு வந்துச்சு, சாமி. அவன் என்ன தப்பு பண்ணினான்?"

நம் ஊர்க் குருக்களுக்கு இதற்குக் கைவசம் ஒரு பதில் உண்டு. அது பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் இருக்கிறது. வைத்தியன் சில நோயைக் கீறி அறுத்துத் தீர்க்கிறான், சில நோயைக் கட்டியும் பாலும் கொடுத்துத் தீர்க்கிறான். இறைவனும் அப்படியே இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையைக் கழிக்கிறான். அதாவது, சைவ சித்தாந்தத்தில் துன்பம் பழிவாங்கல் அல்ல, சிகிச்சை. போன பிறவிகளில் சேர்ந்த மூட்டையிலிருந்து இந்தப் பிறவிக்கென்று பிரித்துக் கொடுத்த பங்குதான் இப்போது அனுபவிப்பது.

குருக்கள் இதைச் சொல்லி முடித்தார்.

"டாக்டர் ஊசி போடறதுக்கு முன்னாடி என்ன நோய்னு சொல்வாரே. தம்பிகிட்ட யாரும் சொல்லலையே?"

சித்தாந்தத்தின் இடறும் இடம் இதுதான். செய்தது நினைவில் இல்லாதவனுக்குத் தண்டனையும் சரி, சிகிச்சையும் சரி, எப்படிப் புரியும்? விடை சொன்னவர்கள் உண்டு. எனக்கு எதுவும் நிறைவாகப் படவில்லை. அதைவிடக் கெடுதல், "அவன் வினை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வது.

குருக்கள் தேய்ப்பதை நிறுத்தினார். "நீ கேட்டதையே அப்பரும் கேட்டார், குழந்தே."

சமண மடத்தில் தருமசேனராக இருந்தவருக்குச் சூலை நோய். குடலை முறுக்கும் வலியோடு திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் வந்து விழுகிறார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவர் பாடிய முதல் பதிகம் துதியில் தொடங்கவில்லை, முறையீட்டில் தொடங்குகிறது. எமனாக வந்த இந்த நோயை நீ விலக்கவில்லையே, நான் செய்த கொடுமை எதுவென்றும் எனக்குத் தெரியவில்லையே என்கிறார். அதைத் தேவாரத்தில் சேர்த்தார்கள், நீக்கவில்லை. வலி தீர்ந்தது என்கிறது பெரிய புராணம்.

"அவருக்கு நின்னுடுச்சு. தம்பிக்கு?"

"அது எனக்குத் தெரியலம்மா."

சற்று நேரம் கழித்து, "மாத்திரை வேளைக்குக் குடுக்கறாங்களா?" என்றார்.

"கயிறு கட்டினப்புறம் நிறுத்திட்டாங்க, சாமி. இனிமே வேணாம்னாங்க."

குருக்கள் புளிக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "விளக்கு அப்புறம் ஏத்திக்கலாம். உங்க அப்பா வீட்டுல இருக்காரா? வா."