போனஸ் பங்கில் பணம் வராது

கம்பெனிக் கணக்குத் தேர்வில் போனஸ் பங்குக் கேள்வி வந்தால், பலரின் பேனா முதலில் பேங்க் கணக்கைப் பற்று வைக்கப் போகும். அங்கேதான் மதிப்பெண் போகிறது. போனஸில் ஒரு ரூபாய்கூட உள்ளே வருவதில்லை; காப்பு நிதி பங்கு மூலதனமாகப் பெயர் மாறுகிறது, அவ்வளவுதான்.

பத்து ரூபாய்ப் பங்குகள் 1,00,000 உள்ள ஒரு கம்பெனி, இரண்டுக்கு ஒன்று போனஸ் தருகிறது. தேவை 5 லட்சம். மூலதன மீட்புக் காப்பில் 1 லட்சம், பங்கு முனைமத்தில் 2 லட்சம் இருக்கின்றன. இவற்றை முதலில் தீர்த்துவிட்டு, மீதி 2 லட்சத்தைப் பொதுக் காப்பிலிருந்து எடுப்பதே புத்திசாலித்தனம்; பொதுக் காப்பிலிருந்து நாளை டிவிடெண்ட் தரலாம், மற்ற இரண்டிலிருந்து முடியாது. இந்த மூன்றையும் பற்று வைத்து, ‘பங்குதாரர் போனஸ்’ கணக்கை வரவு வைக்க வேண்டும். அடுத்த பதிவில் அதைப் பற்று வைத்துப் பங்கு மூலதனத்தை வரவு வைத்தால் முடிந்தது. கேள்வியில் மறுமதிப்பீட்டுக் காப்பு என்று ஒன்று தலைகாட்டினால் தொடாதீர்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 63ஆம் பிரிவு அதை அனுமதிப்பதில்லை.

உரிமைப் பங்கு வேறு. மூன்றுக்கு ஒன்று, விலை 15 ரூபாய் என்றால், போனஸுக்குப் பிறகுள்ள 1,50,000 பங்குகளுக்கு 50,000 புதுப் பங்குகள். பேங்கில் 7.5 லட்சம் பற்று. மூலதனத்துக்கு 5 லட்சமும் முனைமத்துக்கு 2.5 லட்சமும் வரவு. காலியான முனைமம் மீண்டும் நிரம்புகிறது. உரிமை வெளியீடு முதலில் வந்திருந்தால் எண்ணிக்கையே மாறியிருக்கும். தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.