தேடாமல் வரும் வேலை அழைப்பு

ஐ.டி. துறையில் சில ஆண்டு அனுபவம் சேர்ந்துவிட்டால், வேலை தேடாதவருக்கும் அழைப்புச் செய்திகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் அவை ஒரே அச்சில் வார்த்தவை: “முன்னணி நிறுவனம் ஒன்றில் வாய்ப்பு உள்ளது. தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் ஆகியவற்றுடன் ரெஸ்யூமே அனுப்பவும்.” நிறுவனத்தின் பெயர் இருக்காது, சம்பளமும் இருக்காது.

அனுப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்தே இந்த மௌனத்துக்குப் பொருள் சொல்ல முடியும். நிறுவனத்தின் சொந்த எச்.ஆர். பிரிவிலிருந்து எழுதுகிறவர் பெயரை மறைக்க வேண்டிய அவசியம் குறைவு. கன்சல்டன்சியிலிருந்து எழுதுகிறவரின் நிலை வேறு. தான் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் அவருக்குக் கட்டணம் கிடைக்கும். அதே காலியிடத்துக்கு வேறு கன்சல்டன்சிகளும் ஆள் தேடிக்கொண்டிருக்கலாம். பெயரைச் சொன்னால் ஆள் நேராக விண்ணப்பித்துவிடுவார் என்ற பயமும், மற்றவர் முந்திவிடுவார் என்ற அவசரமும் சேர்ந்துதான் “உடனே ரெஸ்யூமே அனுப்புங்கள்” என்று எழுத வைக்கின்றன.

சென்னை சிறுசேரியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு மூன்று மாதம் ஆகிறது. சி.டி.சி. 14 லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய், நோட்டீஸ் பீரியட் 90 நாள். வேலையில் குறை எதுவும் இல்லை. இவருக்கு மேற்கண்ட செய்தி வந்தால், பதில் சொல்லாமல் விடுவதும் ரெஸ்யூமேயைத் தூக்கிக் கொடுப்பதும் இரண்டுமே நஷ்டம். நடுவில் ஒரு பதில் இருக்கிறது:

“தொடர்பு கொண்டதற்கு நன்றி. இப்போது வேலை மாறும் எண்ணம் இல்லை. பொருத்தமான பொறுப்பு என்றால் பேசலாம். நிறுவனத்தின் பெயர், பணியிடம், இந்த இடத்துக்கு ஒதுக்கிய சம்பள வரம்பு ஆகியவற்றைத் தெரிவித்தால் பார்த்துச் சொல்கிறேன். என்னைக் கேட்காமல் என் விவரங்களை எங்கும் அனுப்ப வேண்டாம்.”

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு கன்சல்டன்சிகள் வழியாக ஒரே நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு எழும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று நிறுவனம் ஆளையே ஒதுக்கிவிடுவதும் உண்டு. இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே அது போய்ச் சேர்ந்தால் சங்கடம் இன்னும் பெரிது.

சம்பள வரம்பை முதலில் அவரைச் சொல்லவைப்பதற்கும் காரணம் உண்டு. 14 லட்சம் என்று வாய்விட்டால், அதன்மேல் இத்தனை சதவீதம் என்றுதான் பேரம் தொடங்கும். அந்த இடத்துக்கு 24 லட்சம் ஒதுக்கியிருந்தாலும் அது வெளியே வராது. இப்போதைய சம்பளத்தைச் சொல்லாமல் நகரவே முடியாது என்று சில கன்சல்டன்சிகள் பிடிவாதம் பிடிக்கும். அப்போதும் தொகையைக் கூட்டிச் சொல்லக் கூடாது. சேரும்போது சம்பளச் சீட்டு கேட்பது இங்கே வழக்கம்.

வரம்பு தெரிந்த பிறகு சொந்தக் கணக்கைப் போட வேண்டும். சி.டி.சி.யில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., வேரியபிள் பே, பல இடங்களில் கிராஜுவிட்டி எல்லாம் அடங்கியிருப்பதால், கையில் வரும் மாதத் தொகையை வைத்து ஒப்பிடுவதே சரி. நிரந்தர ஊழியர் ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி பெற ஐந்து ஆண்டுப் பணி வேண்டும் என்பதே சட்டத்தின் பொது விதி. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், சிறுசேரிக்காரருக்கு ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 1,44,000 ரூபாய் வரும். இப்போதே ராஜினாமா கொடுத்து 90 நாள் கழித்துப் போனாலும் நான்கரை ஆண்டுதான் ஆகும். ஆகவே அவர் “வேண்டாம்” என்பதைவிட, “இன்னும் ஆறு மாதம் கழித்துப் பேசலாம்” என்பது பொருத்தமான பதில்.

அப்படித் தள்ளிப்போடுவதால் அனுப்பியவர் கோபிப்பதில்லை. லிங்க்ட்இன் இன்மெயிலில் 90 நாளுக்குள் பதில் வந்தால், மறுப்பாக இருந்தாலும், செலவழித்த கிரெடிட் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். பதிலே போடாதவரால்தான் அவருக்கு நஷ்டம்.

இரண்டு எச்சரிக்கைகள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டாலோ, பேச்சு தொடங்கும் முன்பே ஆதார், பான் நகல் கேட்டாலோ அது மோசடி என்றே கொண்டு விலகிவிடலாம். மற்றது, லிங்க்ட்இனில் ‘ஓப்பன் டு வொர்க்’ குறியை ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைப்பது. சொந்த நிறுவனத்தின் ரிக்ரூட்டர்கள் கண்ணில் படாமல் மறைக்க அந்தத் தளம் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை. வேலை மாறும் எண்ணமே இல்லாதவர் அந்தக் குறியை வைக்காமலே இருக்கலாம். இந்தக் கடிதப் போக்குவரத்தையும் ஆபீஸ் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளாமல் சொந்த மெயிலிலும் போனிலும் நடத்துவது நல்லது.