ஒன்பது நாள் ஊரில் இருந்தும் பில் ஏன் குறையவில்லை?

பிப்ரவரி முதல் வாரம் கல்லூரி விடுதிகளின் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம் கூடும். ஜனவரி மாத மெஸ் பில் ஒட்டியிருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த பிள்ளைகள் தங்கள் பெயருக்கு நேரே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். அன்று இரவே வீட்டுக்குப் போன் போகும். “லீவு ஃபார்ம் எழுதிக் கொடுத்தியா இல்லையாம்மா?” என்பது அப்பாவின் முதல் கேள்வி. “கொடுத்தேன்ப்பா. நாளும் கழிச்சிருக்காங்க. ஆனா காசு குறையவே இல்லை” என்பது மகளின் பதில்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பல கல்லூரி விடுதிகளில் நடப்பது ‘டிவைடிங் சிஸ்டம்’. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை கிடையாது. மாதம் முடிந்ததும் மொத்தச் சாப்பாட்டுச் செலவை எடுத்து, எல்லா மாணவர்களும் சேர்ந்து இருந்த மொத்த நாள்களால் வகுப்பார்கள். கிடைப்பது ஒரு நாள் கட்டணம். அதை அவரவர் இருந்த நாள்களால் பெருக்கினால் அவரவர் பில். கான்ட்ராக்டரிடம் நாளுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி முடித்த விடுதிகளில் கதை வேறு. அங்கே லீவு எடுத்தால் கான்ட்ராக்டருக்குப் போகும் தொகைதான் குறையும். டிவைடிங் முறையில் அப்படி ஒரு மூன்றாவது ஆள் இல்லை. ஒரு மாணவிக்குக் கழித்துக் கொடுக்கும் தொகை மற்ற மாணவிகளின் தலையில்தான் ஏறும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இருநூறு பேர் தங்கும் ஒரு மாணவியர் விடுதி என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்குத் தோதாக எண்களை முழுசாக்கியிருக்கிறோம். ஜனவரிக்கு 31 நாள். இருநூறு பேருக்கு 6,200 நாள்கள். பொங்கலை ஒட்டி அனுமதித்த லீவு நாள்கள் எல்லாம் சேர்த்து 1,200. மீதி 5,000. அந்த மாதச் சாப்பாட்டுச் செலவு 6,60,000 ரூபாய். வகுத்தால் நாளுக்கு 132 ரூபாய். சமையல்காரர் சம்பளம் போன்றவற்றுக்கு ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்ற பெயரில் ஆளுக்கு 900 ரூபாய் தனி. ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது கட்ட வேண்டியதுதான்.

நவம்பரில் இதே விடுதியில் 5,700 நாள்கள், செலவு 7,06,800. நாளுக்கு 124 ரூபாய். அந்த மாதம் முழுவதும் இருந்த நம் மாணவிக்கு 30 நாளுக்கு 3,720, அதோடு 900, ஆக 4,620 வந்திருந்தது. ஜனவரியில் வந்திருப்பது 3,936. ஆயிரமாவது குறையும் என்று எதிர்பார்த்தவருக்குக் குறைந்தது 684 தான்.

முதல் காரணம் சமையல்கட்டில் இருக்கிறது. சாப்பிடும் நாள்கள் 700 குறைந்தன. செலவோ 46,800 தான் குறைந்தது. அதாவது குறைந்த ஒவ்வொரு நாளுக்கும் மிச்சமானது சுமார் 67 ரூபாய். அறுபது பேருக்குச் சாம்பார் வைத்தாலும் அடுப்பு எரிய வேண்டும். கேஸ் அந்த அளவுக்குக் குறையாது. சொல்லாமல் கிளம்பியவர்களுக்கும் சேர்த்துக் களைந்த அரிசி மீந்துபோகும். லீவு ஃபார்மை முன்கூட்டியே கொடுக்கச் சொல்வதும், தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ போனால்தான் கழிப்பு என்று வைப்பதும் இதனால்தான். சனி, ஞாயிறு மட்டும் போய் வருகிறவர்களுக்காக உலையில் அரிசியைக் குறைக்க முடியாது என்பது மெஸ் பக்கத்து நியாயம். இந்தக் குறைந்தபட்ச நாள் விடுதிக்கு விடுதி மாறும். சேரும்போது கொடுக்கும் விதிப் புத்தகத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது காரணம் நாள் எண்ணியதில். மாணவி 9-ஆம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். 19-ஆம் தேதி காலை இட்லிக்கு வந்துவிட்டார். ஃபார்மில் 10 முதல் 18 வரை என்று எழுதியிருந்தார். கிளம்பிய நாளிலும் திரும்பிய நாளிலும் ஒரு வேளையாவது சாப்பிட்டதால் அந்த இரண்டும் இருந்த நாள்களே. மாதக் கடைசியில் 24, 25 இரண்டு நாள் மறுபடி ஊருக்குப் போனார். இந்த விடுதியில் மூன்று நாள் விதி என்பதால் அதற்குக் கழிப்பு இல்லை. ஆக லீவு ஒன்பது நாள். 31-இல் ஒன்பது போக 22. பில்லிலோ 23 என்று இருந்தது. 22 நாளுக்கு 2,904, அதோடு 900, ஆக 3,804 தான் வர வேண்டும். 132 ரூபாய் கூடுதல்.

இந்தத் தப்பு மெஸ் கணக்கில் அடிக்கடி வரக்கூடியது. 18-இலிருந்து 10-ஐக் கழித்தால் 8. ஆனால் 10-ஆம் தேதியும் லீவுதானே? அதையும் சேர்த்தால் ஒன்பது. கம்ப்யூட்டரில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்கும்போதும் இதே எட்டுதான் வரும். ஒன்றைக் கூட்ட மறந்தால் எல்லார் பில்லிலும் ஒரு நாள் ஏறிவிடும்.

எல்லாருக்கும் ஏறினால் என்ன ஆகும் என்று பார்ப்பது சுவாரசியமானது. லீவு எடுத்த 150 பேருக்கும் ஒரு நாள் குறைத்து எண்ணியிருந்தால் மொத்த நாள்கள் 5,150 ஆகும். அதே 6,60,000-ஐ வகுத்தால் நாளுக்கு 128 ரூபாய் 16 பைசா. நம் மாணவிக்கு நஷ்டம் 44 ரூபாய்தான். ஊருக்கே போகாமல் 31 நாளும் இருந்தவருக்கோ 119 ரூபாய் லாபம். வசூலான மொத்தமும் செலவும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகமே வராது. ஆகவே மொத்தம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. தேதிகளை ஒவ்வொருவரும் தன் ஃபார்மின் நகலோடு ஒப்பிட்டாக வேண்டும். போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாலே போதும்.

இதைவிடப் பெரிய தப்பு மொத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். மெஸ்ஸில் இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று, தினமும் யார் சாப்பிட வந்தார்கள் என்ற வருகைப் பதிவு. இன்னொன்று, வார்டன் கையெழுத்திட்ட லீவு ஃபார்ம்கள். வருகைப் பதிவின்படி ஆள் இல்லாத நாள்கள் 1,500 என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த லீவு 1,200 தான். மிச்ச 300 நாள், வாரக் கடைசியில் சொல்லாமல் போனவர்கள். வகுக்கும்போது வருகைப் பதிவை வைத்து 4,700 நாளால் வகுக்கிறார்கள். கட்டணம் 140 ரூபாய் 43 பைசா ஆகிறது. பில் போடும்போது மட்டும் லீவு ஃபார்மைப் பார்த்து 5,000 நாளுக்கு வசூலிக்கிறார்கள். செலவு 6,60,000, வசூல் 7,02,000-ஐத் தாண்டும். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் மிகுதி. யாரும் பையில் போட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு எழுத்தர் ஒரு பதிவையும் இன்னொருவர் மற்றொன்றையும் கையில் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தலைகீழாகவும் நடக்கும். லீவைக் கழிக்காமல் 6,200-ஆல் வகுத்துவிட்டால் 106 ரூபாய் 45 பைசா என்ற அழகான கட்டணம் பலகையில் ஏறும். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 5,000 நாளுக்கு வசூலித்தால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் துண்டு விழும். அந்தத் துண்டு அடுத்தடுத்த மாதங்களில் ‘பழைய பாக்கி’ என்று வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்குப் படிப்பு வேண்டாம். பலகையில் ஒட்டிய பட்டியலில் எல்லார் பெயருக்கும் நேரே நாள்கள் இருக்கும். அந்த வரிசையைக் கூட்டினால் வருவது, செலவை வகுத்த எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். மெஸ் ரெப் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. பட்டியலில் மொத்தச் செலவும் வகுத்த நாள்களும் இல்லாமல் கட்டணம் மட்டும் இருந்தால், அந்த இரண்டையும் எழுதிக் கேட்பதுதான் முதல் வேலை.

செலவுத் தொகையிலும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கையிருப்பு. இந்த விடுதியில் ஜனவரி முதல் தேதி ஸ்டோரில் 1,10,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் இருந்தது. மாதத்தில் 6,45,000-க்கு வாங்கினார்கள். 31-ஆம் தேதி இரவு மீதி இருந்தது 85,000-க்கு. ஆக உண்மையில் செலவானது 6,70,000. விருந்தினர் டோக்கன் விற்று வந்த 10,000 போக 6,60,000. மாதக் கடைசி இருப்பைக் கழிக்க மறந்தால் நாளுக்கு 17 ரூபாய் ஏறிவிடும். போன மாதக் கடைசி இருப்பும் இந்த மாதத் தொடக்க இருப்பும் ஒரே தொகையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒன்றாக இல்லையென்றால், ஒரே அரிசி மூட்டைக்கு இரண்டு மாதம் பணம் கட்டியிருக்கலாம்.

சம்பளத்தைத் தனியாக வாங்குவதா, நாள் கட்டணத்திலேயே சேர்ப்பதா என்பது தப்பு சரி என்ற விஷயம் அல்ல, விடுதியின் முடிவு. ஆனால் அது யாருக்குச் சாதகம் என்று தெரிந்திருப்பது நல்லது. இந்த விடுதியில் இருநூறு பேரின் 900, மொத்தம் 1,80,000. அதையும் சேர்த்து வகுத்தால் நாள் கட்டணம் 168 ஆகும். 22 நாள் இருந்த மாணவிக்கு அப்போது 3,696. தனியாக வாங்கும்போது 3,804. மாதம் முழுவதும் இருந்தவருக்கு 5,208. தனியாக வாங்கும்போது 4,992. எல்லை 25 நாள். அதற்குக் குறைவாக இருந்தவருக்குச் சேர்த்து வகுப்பது லாபம், அதிகம் இருந்தவருக்கு நஷ்டம். அடிக்கடி ஊருக்குப் போகும் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளும், செமஸ்டர் முடிந்தால்தான் ரயில் ஏறும் தூரத்துப் பிள்ளைகளும் மெஸ் கூட்டத்தில் இதைப் பற்றி மோதிக்கொள்வது இயல்புதான்.

நம் மாணவிக்கு மீண்டும் வருவோம். ஃபார்ம் நகலைக் காட்டினார், அலுவலகமும் ஒத்துக்கொண்டது. ஆனால் ஒட்டிய பில்லை ஒருவருக்காக மறுபடி போட மாட்டார்கள்; ஒரு நாளுக்காக இருநூறு பேரின் பில்லையும் மாற்றுவது வீண் வேலை. “அடுத்த மாசம் ஒரு நாள் கழிச்சுக்கலாம்மா” என்றார் எழுத்தர். அங்கேதான் கடைசியாக ஒரு முறை கவனிக்க வேண்டும். பிப்ரவரி கட்டணம் 118 ரூபாய்க்கு இறங்கிவிட்டால், ஒரு நாளைக் கழிப்பதில் அவருக்கு 118 தான் கிடைக்கும். ஜனவரியில் கூடுதலாகப் போனது 132. நாளாகக் கழிக்காமல், 132 ரூபாய் என்று தொகையாகவே வரவு எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.