நந்தி மலைப் பயணம்: அறிவிப்புக்கு ஒரு விளக்கம்

வரும் ஞாயிறன்று நம் மிதிவண்டிக் குழு நந்தி மலைக்குச் செல்கிறது. விடுதிப் பலகையில் அறிவிப்பைக் கண்டிருப்பீர்கள். பெங்களூருக்குப் புதிதாய் வந்த தமிழ் மாணவர் சிலர், “மூன்று பிரிவுகள் எதற்கு? இறக்கத்திற்குப் போய் இத்தனை விதிகளா?” என்று என்னைக் கேட்டார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

வழி எளியது. மேக்ரி சர்க்கிளில் புறப்பட்டு, ஹெப்பாள், எலஹங்கா, தேவனஹள்ளி என்று வடக்கே சென்று, பிறகு நெடுஞ்சாலையை விட்டு இடப்புறம் நந்திச் சாலையில் திரும்புகிறோம். அடிவாரம் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அதன்மேல் ஏழெட்டுக் கிலோமீட்டர் மலையேற்றம். நெடுஞ்சாலையின் நடுப்பகுதியில் விமான நிலையக் கார்கள் பறக்கும். நாம் செல்வது பக்கச் சாலையில்.

பிரிவுகளைப் பற்றித்தான் குழப்பம் மிகுதி. ‘அ’ பிரிவு மணிக்கு 26 கிலோமீட்டர், ‘ஆ’ பிரிவு 22, ‘இ’ பிரிவு 16. இவை சமதரையில் இடைவிடாது செல்லும் வேகம். வளாகத்துள் நண்பனை முந்தும் வேகமன்று. 22-க்கும் 26-க்கும் நான்கு கிலோமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 22-இலிருந்து 26-க்குப் போனால், காற்றுக்காக மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேலான உழைப்பு வேண்டும். முன்னவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிச் சென்றால் ஓரளவு தப்பலாம். ஆனால் கூட்டத்திலிருந்து ஒருமுறை பின்தங்கினால் அந்த நிழலும் போய்விடும். தேவனஹள்ளிக்கு முன்பே மூச்சிரைத்துத் தனித்து நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே.

ஆகவே சனிக்கிழமைக்குள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா? அந்த வேகமே உங்கள் பிரிவு. ‘இ’ பிரிவில் சேர்வது இழிவென்று எவரும் கருத வேண்டா. அது 4.30-க்கும், ‘ஆ’ 5.15-க்கும், ‘அ’ 5.45-க்கும் புறப்படுகின்றன. வழியில் கால் மணி ஓய்வெடுக்கும் முதலிரு பிரிவினரும், நில்லாமல் வரும் ‘அ’ பிரிவினரும் ஏழரை மணியளவில் அடிவாரத்தில் ஒன்றுகூடுவோம். மலையேற்றத்தில் பிரிவே கிடையாது; அவரவர் கால் விட்டபடி ஏறலாம், இறங்கித் தள்ளவும் செய்யலாம்.

நிற்க. உண்மையான இடர் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். 450 மீட்டர் உயரம் இறங்கும்போது மூன்றரை இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகும். விடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால், ரிம் பிரேக் வண்டியில் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கில் பிடிப்புத் தளரலாம். கருகிய நாற்றம் வந்தாலும், வழக்கத்தைவிட அதிகம் அழுத்த வேண்டியிருந்தாலும், உடனே ஓரமாக நின்று ஆறவிடுங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். நேர்வழியில் சற்று விட்டுவிடுங்கள். காலைப் பனியில் சாலை நனைந்திருந்தால் ரிம் பிரேக் தாமதித்தே பிடிக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

இறக்கத்தில் 25-க்கு மேல் கூடாதென்பது ஏன்? திடுக்கிட்டுப் பிரேக்கைத் தொட ஒரு நொடியாவது ஆகும். அதையும் சேர்த்து, 25-இல் வருபவர் நிற்க ஏறத்தாழ 15 மீட்டர் போதும். 40-இல் வருபவருக்கு 32 மீட்டர் வேண்டும். கொண்டையூசி வளைவுகளில் அத்தனை தொலைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஞாயிறன்று எதிரே வரும் கார்களோ வளைவில் நம் பக்கத்திற்கே வந்துவிடும். எனவே இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டே இறங்க வேண்டும். முந்துதல் அறவே கூடாது.

எடுத்து வர வேண்டியவை: தலைக்கவசம், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு. இம்மூன்றும் இல்லாதவர் புறப்படவே இயலாது. இரண்டு புட்டி நீர், ஏதேனும் தின்பண்டம், அடையாள அட்டை, சில்லறை. இவற்றோடு பம்பு, டயர் கழற்றும் நெம்பி, மாற்று ட்யூப். ட்யூப் உங்கள் டயருக்கு உரியதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 700×28 என்பதுபோல் அளவு அச்சாகியிருக்கும். பஞ்சரானால் புது ட்யூபை அவசரமாக மாட்டாதீர்கள். டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, குத்திய முள்ளை எடுத்த பிறகே மாட்டுங்கள். இல்லையேல் அதே முள் புது ட்யூபையும் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடும். நம்மிடம் மூன்றாவது ட்யூப் இராது.

மலைமேல் காப்பி உண்டு. விலையைக் கேட்டால் நம் விடுதிக் காப்பிமேல் அன்பு பிறக்கும். ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்குவோம். திரும்பும்போது எல்லோரும் ‘இ’ வேகத்திலேயே வருகிறோம், வெயில் இருக்கும். பெயரையும் பிரிவையும் வெள்ளி மாலைக்குள் என்னிடம் தெரிவியுங்கள். பிரிவைக் குறிக்காத பெயரை ‘இ’ பிரிவிலேயே எழுதிக்கொள்வேன்.