மணி வளைவுக்கு எட்டாத நாட்கள்

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. நிஃப்டி 50 குறியீடு அன்று ஒரே நாளில் 1,135 புள்ளிகள் சரிந்து 7,610-ல் முடிந்தது. ஏறத்தாழ 13 சதவீத இழப்பு. பங்குகளின் இடரை அளக்க உலகெங்கும் புழங்கும் ஓர் அளவுகோல் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை அந்த ஒரு நாளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அந்த அளவுகோலின் பெயர் வேல்யூ அட் ரிஸ்க். சந்தையில் சுருக்கமாக ‘வார்’. உங்கள் பங்குத் தொகுப்பின் ஒருநாள், 99 சதவீத வார் 33,000 ரூபாய் என்றால், நூறு வர்த்தக நாட்களில் 99 நாட்கள் இழப்பு அந்தத் தொகையைத் தாண்டாது என்று பொருள். மிச்சமுள்ள ஒரு நாளில் எவ்வளவு போகும் என்பதை அது சொல்லாது. இந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பழகிய வழிகள் இரண்டு.

ஒருவரிடம் 10 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வங்கிப் பங்கில் 6 லட்சம், ஒரு வாகனப் பங்கில் 4 லட்சம். வங்கிப் பங்கின் தினசரி ஏற்ற இறக்கத்துக்குத் திட்டவிலக்கம் 1.5 சதவீதம், வாகனப் பங்குக்கு 2 சதவீதம். ரூபாயில் முறையே 9,000, 8,000. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. அவற்றின் ஒட்டுறவுக் கெழு 0.4. இவற்றைச் சேர்த்தால் தொகுப்பின் திட்டவிலக்கம்:

√(9000² + 8000² + 2 × 0.4 × 9000 × 8000) ≈ 14,234

விலை மாற்றங்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகின்றன என்று கொண்டால், 99 சதவீத எல்லை திட்டவிலக்கத்தைப் போல 2.33 மடங்கு தள்ளி இருக்கும். 14,234-ஐ அதால் பெருக்கினால் சுமார் 33,200 ரூபாய். ஜே.பி. மார்கன் வங்கி 1994-ல் வெளியிட்ட ‘ரிஸ்க்மெட்ரிக்ஸ்’ வழியே பரவியது இந்த இயல்நிலை முறைதான்.

வரலாற்று முறை எந்த வளைவையும் நம்பாது. கடந்த 500 வர்த்தக நாட்களில் அந்த இரு பங்குகளும் எத்தனை சதவீதம் ஏறின, இறங்கின என்று எடுத்து, ஒவ்வொரு நாளின் மாற்றத்தையும் இன்றைய 6 லட்சம், 4 லட்சத்தின் மேல் பொருத்திப் பார்க்கும். அப்போது கையில் என்ன பங்கு இருந்தது என்பது கணக்கில் வராது. இன்றைய தொகுப்புதான் முக்கியம். கிடைக்கும் 500 விடைகளையும் மிக மோசமானதிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும். முதல் ஐந்து இழப்புகள் 71,000, 58,000, 49,000, 44,500, 41,000 என்று வந்தால், ஐந்தாவதான 41,000-தான் 99 சதவீத வார். ஒட்டுறவுக் கெழு தேவையே இல்லை. இரு பங்கும் ஒரே நாளில் விழுந்திருந்தால் அது தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது.

33,200-க்கும் 41,000-க்கும் இடையிலுள்ள தூரம்தான் கவனிக்க வேண்டியது. பங்குச் சந்தையில் பெரும்பாலான நாட்கள் மணி வளைவு எதிர்பார்ப்பதைவிட அமைதியானவை. மோசமான சில நாட்களோ அது எதிர்பார்ப்பதைவிட மிக மோசமானவை. அதனால் 95 சதவீத எல்லையில் இரு முறைகளின் விடையும் நெருங்கியே வரும். சில சமயம் இயல்நிலை முறையே கூடுதல் இழப்பைக் காட்டும். 99-ஐ நெருங்க நெருங்க அது பின்தங்கிவிடும். மார்ச் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி திட்டவிலக்கத்தைத் தாராளமாக 3 சதவீதம் என்று வைத்தாலும், மணி வளைவின்படி அப்படியொரு சரிவு 500 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வரக்கூடாது. ஆகவே 99 சதவீத எல்லைக்கு நான் வரலாற்று முறையின் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் அந்த முறை, நடந்ததை மட்டுமே அறியும். 2020 பிப்ரவரியில் முந்தைய 250 நாட்களை வைத்துக் கணக்கிட்டவருக்கு 13 சதவீதச் சரிவு கண்ணிலேயே பட்டிருக்காது. மார்ச்சுக்குப் பிறகு எண் எகிறியிருக்கும். ஓராண்டு கழித்து அந்த நாட்கள் கணக்கிலிருந்து நழுவியதும், சந்தையில் ஒன்றும் மாறாமலேயே வார் சடாரென்று குறைந்திருக்கும். அதற்காக 250 நாட்களை 500 ஆக்கினாலும், 99 சதவீத விடை வெறும் ஐந்து நாட்களின் மேல்தான் நிற்கிறது. ஒரு நாள் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ எண் ஆடும்.

தரவிலும் ஒரு பொறி உண்டு. ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு தரப்பட்ட நாளில் விலை பாதியாகும். அதைத் திருத்தாமல் விட்டால், பட்டியலின் உச்சியில் 50 சதவீதப் பொய் இழப்பு உட்கார்ந்துவிடும். மிக மோசமான பத்து நாட்களின் தேதிகளைப் பார்த்தாலே போதும். சந்தை அசையாத நாள் ஒன்று அங்கே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எந்த முறையானாலும் சோதிக்க வழி உண்டு. 250 நாட்களில் 99 சதவீத வாரை இழப்பு தாண்டுவது இரண்டு, மூன்று முறைதான் இருக்க வேண்டும். வங்கிகளுக்கான பாசல் விதிகளில் நான்கு வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. எண்ணிக்கையோடு தேதிகளையும் பாருங்கள். மூன்றே மீறல்கள், ஆனால் மூன்றும் ஒரே வாரத்தில் என்றால், சந்தை கொந்தளிக்கத் தொடங்கியதை உங்கள் கணக்கு கவனிக்கவில்லை. அப்போது பழைய நாட்களைவிடச் சமீபத்திய நாட்களுக்குக் கூடுதல் எடை தந்து மறுபடி கணக்கிட வேண்டும்.